நிலம், வளையல், தோடு: மூன்று பேருக்கு எப்படிப் பிரிப்பது?

"அப்பாவும் அம்மாவும் போன பிறகு எங்களுக்கு மிஞ்சியது ஒரு நிலம், ஒரு செட் வளையல், அம்மா தினமும் போட்டிருந்த தோடு. அக்கா, நான், தம்பி என மூன்று பேர். ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. தம்பிக்கு நிலம் வேண்டும். எனக்குத் தோடு வேண்டும். ஆனால் பத்து வருடம் கழித்து 'ஏமாந்துவிட்டோமே' என்று யாருக்கும் தோன்றக் கூடாது. எப்படிப் பிரிப்பது?"

நான் வக்கீல் இல்லை. சொத்து மதிப்பிடுவது என் தொழில். குடும்பங்கள் பங்கு பிரிக்க உட்காரும்போது கூட உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுக்கும் வேலையும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. சட்டப்படி யாருக்கு எத்தனை பங்கு என்பதை நீங்கள் ஏற்கெனவே முடித்துவிட்டீர்கள். அது பெரிய விஷயம், பல வீடுகள் அந்த வாசலைத் தாண்டுவதே இல்லை. அதனால் மூன்றில் ஒரு பங்கு என்பதை அப்படியே வைத்துக்கொண்டு, அந்த ஒரு பங்கு கைக்கு வரும் வழியை மட்டும் சொல்கிறேன்.

முதலில், எடையையும் பரப்பையும் வைத்துப் பிரிக்க வேண்டாம். சரிசமம் என்றதும் எல்லோரும் தராசையும் அளவு நாடாவையும்தான் தேடுவார்கள். தராசு பொய் சொல்லாது, ஆனால் நாம் கேட்க வேண்டியதைச் சொல்லாது. ஒரே 48 கிராம் எடையுள்ள இரண்டு வளையல் செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று கல் இல்லாத 22 காரட். அதில் சுத்தத் தங்கம் 24இல் 22 பங்கு, அதாவது 44 கிராம். மற்றொன்று கல் பதித்த 18 காரட். கல்லுக்கு 6 கிராம் போனால் மிச்சம் 42, அதில் முக்கால் பங்குதான் தங்கம், ஆக 31.5 கிராம். கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கனம். தங்கக் கணக்கில் கால் பங்குக்கும் மேல் வித்தியாசம். பழைய நகையில் உள்ளே அரக்கு அடைத்திருந்தால் இன்னும் குறையும்.

ஆகவே வளையலையும் தோட்டையும் மூன்று பேரும் கூட இருக்கும்போது சோதிக்கக் கொடுங்கள். சோதிப்பவர் அந்த நகையை வாங்கப்போகிறவராக இருக்கக் கூடாது. வாங்குகிறவருக்குக் குறைத்துச் சொல்வதில் லாபம் இருக்கிறது. எக்ஸ்ரே இயந்திரத்தில் வைத்தால் சில நொடிகளில் தங்கத்தின் சதவீதம் வரும். ஆனால் அந்த இயந்திரம் மேற்பரப்பைத்தான் படிக்கும் என்பதை மறக்க வேண்டாம். முலாம் பூசியதையும், பற்றவைத்த இடத்தையும் அது தவறாகக் காட்டலாம். சந்தேகம் இருந்தால் இரண்டு மூன்று இடங்களில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மொத்த எடை, கல் நீங்கிய எடை, காரட், மூன்றையும் எழுதி வாங்குங்கள். தங்கம் தினமும் ஏறி இறங்கும். எந்தத் தேதியின் விலை என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, எல்லா நகைக்கும் அதே நாளின் விலையைப் போடுங்கள். செய்கூலியையும் சேதாரத்தையும் சேர்க்காதீர்கள், விற்கப் போனால் அவை திரும்பி வராது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இன்று விற்றால் கையில் என்ன வரும்?

நிலத்தில் இந்தப் பிசகு இன்னும் பெரியது. உங்கள் நிலம் மனையா வயலா என்று நீங்கள் சொல்லவில்லை. மனை என்று வைத்துக்கொள்கிறேன். மதிப்பீட்டுத் தொழிலில் நான்கு-மூன்று-இரண்டு-ஒன்று என்று ஒரு பழைய கைக்கணக்கு உண்டு. மனையின் ஆழத்தைச் சாலையிலிருந்து உள்ளே நான்கு சமபாகமாகப் பிரித்தால், மொத்த மதிப்பில் 40 சதவீதம் முதல் பாகத்திலும், 30 இரண்டாவதிலும், 20 மூன்றாவதிலும், 10 கடைசியிலும் இருக்கும் என்பது அது. இதை வைத்து உங்களைப் போல மூன்று பேருக்கு முன், நடு, பின் என்று சம பரப்பாக வெட்டிப் பாருங்கள். முன்னால் உள்ளவருக்கு 50 சதவீதம், நடுவில் உள்ளவருக்குச் சுமார் 33, பின்னால் உள்ளவருக்குச் சுமார் 17 கிடைக்கும். பரப்பு சமம், மதிப்பு மூன்றுக்கு இரண்டுக்கு ஒன்று. பின் பங்குக்குப் போக வழி விடாமல் வெட்டினால் அந்த 17ம் நிற்காது.

இது கைக்கணக்குதான், அளந்து நிரூபித்த விதி இல்லை. சாலையோர மனைகளுக்கு ஓரளவு பொருந்தும். மூலை மனைக்குப் பொருந்தாது, இரண்டு பக்கமும் சாலை உள்ளதற்கும் பொருந்தாது. வயலுக்கு அறவே பொருந்தாது. வயலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த மூலையில் தேங்குகிறது, வண்டி எதுவரை போகும் என்பவைதான் விலையைத் தீர்மானிக்கும். அதனால் இந்தச் சதவீதங்களை உங்கள் நிலத்தின் முடிவான விலையாக எடுத்துக்கொள்ளாமல், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு மதிப்பீட்டாளர்களிடம் வாங்கிச் சராசரி எடுங்கள். இரண்டும் வெகு தூரம் விலகியிருந்தால் சராசரி எடுக்க வேண்டாம். ஏன் விலகுகிறது என்று இருவரையும் கேளுங்கள். பெரும்பாலும் ஒருவர் பார்த்த ஒரு விஷயத்தை மற்றவர் பார்த்திருக்க மாட்டார்.

சரி, இப்போது ஒவ்வொன்றுக்கும் சந்தை விலை தெரியும். இதோடு பிரித்துவிடலாமே என்று தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது: தம்பிக்கு நிலம் பெரிது, உங்களுக்குத் தோடு பெரிது. ஒரே பொருள் மூன்று பேருக்கு மூன்று விலை. இந்த வித்தியாசத்தைச் சண்டைக்குக் காரணம் என்று நினைக்கிறோம். உண்மையில் மூன்று பேருமே மூன்றில் ஒன்றுக்கு மேல் பெற முடிவது இந்த வித்தியாசத்தால்தான்.

இதற்கு ஒரு முறை இருக்கிறது. ப்ரோனிஸ்வாஃப் க்னாஸ்டர் என்ற போலந்துக் கணிதவியலாளர் கண்டது. அவருடைய நண்பர் ஹியூகோ ஸ்டைன்ஹாஸ் 1940களில் இதை உலகுக்கு எடுத்துச் சொன்னார். முறை எளிது. ஒவ்வொருவரும் தனியாக உட்கார்ந்து, ஒவ்வொரு பொருளுக்கும் தன் மனதில் உள்ள விலையைச் சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுக்க வேண்டும். எல்லாச் சீட்டையும் ஒன்றாகத் திறக்க வேண்டும். எதற்கு யார் அதிகம் எழுதினாரோ அது அவருக்கு. எழுதிய விலையை அவர் பொதுவில் வைப்பதாகக் கணக்கு. ஒவ்வொருவரும் தாம் எழுதிய மொத்தத்தில் மூன்றில் ஒன்றைப் பொதுவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகும் பொதுவில் பணம் மிஞ்சும். அதை மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

எழுதும் விலை எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'இந்தப் பணத்தைக் கொடுத்து இதை எடுத்துக்கொள்ளவும் சம்மதம், இந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு இதை விட்டுவிடவும் சம்மதம்.' இந்த இரண்டையும் மனசாரச் சொல்ல முடிகிற எண்தான் உங்கள் விலை.

உங்கள் வீட்டுக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை, அலகு உங்கள் ஊர்ப் பணம் எதுவோ அது. சந்தை விலை நிலம் 600, வளையல் 120, தோடு 30 என்று மதிப்பீட்டில் வந்தது. அக்கா நிலத்துக்கு 600, வளையலுக்கு 150, தோட்டுக்கு 30 எழுதுகிறார். மொத்தம் 780, அவர் கண்ணில் மூன்றில் ஒன்று 260. நீங்கள் நிலத்துக்கு 660, வளையலுக்கு 120, தோட்டுக்கு 60 எழுதுகிறீர்கள். மொத்தம் 840, மூன்றில் ஒன்று 280. தம்பி நிலத்துக்கு 750, வளையலுக்கு 120, தோட்டுக்கு 30 எழுதுகிறார். மொத்தம் 900, மூன்றில் ஒன்று 300.

சீட்டைத் திறந்தால் நிலம் தம்பிக்கு, வளையல் அக்காவுக்கு, தோடு உங்களுக்கு. தம்பி கையில் 750 வந்துவிட்டது, அவருக்கு உரியது 300, ஆகவே 450 பொதுவில் வைக்கிறார். அக்காவுக்கு வந்தது 150, இன்னும் 110 வர வேண்டும். உங்களுக்கு வந்தது 60, இன்னும் 220 வர வேண்டும். இருவருக்கும் கொடுத்த பிறகு 120 மிஞ்சுகிறது, ஆளுக்கு 40. முடிவில் தம்பி நிலத்தை எடுத்துக்கொண்டு 410 தருகிறார், அக்காவுக்கு வளையலும் 150ம், உங்களுக்குத் தோடும் 260ம். இப்போது அவரவர் சீட்டை வைத்தே சரிபாருங்கள். அக்காவுக்கு 260 போதும் என்றிருக்க 300 கிடைத்தது. உங்களுக்கு 280க்குப் பதில் 320. தம்பிக்கு 300க்குப் பதில் 340. யாரிடமிருந்தும் யாரும் பிடுங்கவில்லை. ஒவ்வொரு பொருளும் அதை அதிகம் விரும்பியவரிடம் போனதால் வந்த மிச்சம் இது.

பிற்பாடு 'ஏமாந்துவிட்டோமே' என்ற பேச்சுக்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது. நிலம் நாளைக்கு இரண்டு மடங்கு விலைக்குப் போனாலும், 660க்கு மேல் எனக்கு வேண்டாம் என்று எழுதியது உங்கள் கைதான். அந்தச் சீட்டுகளைக் கிழித்துப் போடாமல் மூன்று பேரும் ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் இது முட்டிக்கொள்ளும் இடம் பணம். தம்பி 410 தர வேண்டும், அவரிடம் இருக்குமா? நிலத்தை விரும்புகிறவரிடம் ரொக்கம் இருப்பது அபூர்வம். இரண்டு வழி உண்டு. ஒன்று தவணை. இதை எழுதாமல் வாய்வார்த்தையில் விட்டால், எத்தனை நல்ல தம்பியானாலும், மூன்றாவது வருடம் பேச்சுவார்த்தை நின்றுவிடும். தேதி, வட்டி, தவறினால் என்ன என்பவை பத்திரத்தில் இருக்க வேண்டும். கடைசித் தவணை வரும்வரை நிலத்தின் மேல் உங்கள் இருவரின் பாத்தியதையும் நிற்க வேண்டும். அதை எந்த வடிவில் எழுதுவது என்பது உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பொறுத்தது. அதற்கு வக்கீல் வேண்டும்.

இரண்டாவது வழியைத்தான் நான் முதலில் முயல்வேன். சீட்டு எழுதும் முன்பே நிலத்தை இரண்டாக வெட்டி, இரண்டு தனிப் பொருளாக வைத்துவிடுவது. உங்கள் மனை 30 மீட்டர் அகலம், 60 மீட்டர் ஆழம் என்று வையுங்கள். நடுவில் குறுக்கே வெட்டி முன்பாதி, பின்பாதி ஆக்குகிறோம். பின்பாதிக்குப் போக ஓரமாக 3 மீட்டர் வழி விட்டால் 90 சதுர மீட்டர் போகும், மொத்தத்தில் 5 சதவீதம். அந்த இழப்பை மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட வேண்டும், முன்பாதிக்காரர் தலையில் மட்டும் கட்டக் கூடாது. கைக்கணக்குப்படி முன்பாதி 70 சதவீதம், பின்பாதி 30. ஆக 600இல் முன்னது 420, பின்னது 180. கணக்கு எளிதாக இருக்க வழியை இங்கே ஒதுக்கி வைக்கிறேன்.

இப்போது சீட்டு மாறும். முழு நிலம் தனக்குத் தேவையில்லை என்று சந்தை விலையோடு நின்ற அக்கா, சிறிய பின்பாதி என்றால் தானே வைத்துக்கொள்ளலாமே என்று 225 எழுதுகிறார். முன்பாதிக்கு அதே 420. நீங்கள் முன்னதுக்கு 470, பின்னதுக்கு 190. தம்பி முன்னதுக்கு 570, பின்னதுக்கு 180. நகைகளுக்கு எழுதியதில் மாற்றமில்லை. முன்பாதி தம்பிக்கு, பின்பாதியும் வளையலும் அக்காவுக்கு, தோடு உங்களுக்கு. கணக்கை முழுக்கப் போட்டால் மிச்சம் 150, ஆளுக்கு 50. தம்பி தர வேண்டியது 410இலிருந்து 220 ஆகக் குறைகிறது. அக்கா 50 தருகிறார். உங்களுக்குத் தோடும் 270ம் வருகிறது. அக்காவுக்குத் தன் கணக்கில் 325, உங்களுக்கு 330, தம்பிக்கு 350. முந்தையதைவிட மூன்று பேருக்கும் கூடுதல், கைமாறும் ரொக்கமும் 410இலிருந்து 270 ஆகக் குறைகிறது.

வெட்டுவதற்கு எல்லை உண்டு. ஒரு மனைக்குக் குறைந்தது இத்தனை பரப்பு, இத்தனை சாலை முகப்பு வேண்டும் என்று பல இடங்களில் விதி இருக்கும். அதற்குக் கீழே போனால் அதில் கட்டவும் முடியாது, விற்கவும் முடியாது. குறுக்கே வெட்டாமல் நெடுக்காக 10 மீட்டர் வீதம் மூன்று துண்டு போட்டால் எல்லோருக்கும் சாலை கிடைக்குமே என்பார்கள். பரப்பும் மதிப்பும் சமமாக இருக்கும், ஆனால் ஒல்லியான மூன்று துண்டுகளின் மொத்த விலை பெரும்பாலும் முழு மனையின் விலைக்குக் கீழே நிற்கும். சமமாகத்தான் நஷ்டப்பட்டோம் என்பதில் எனக்கு ஆறுதல் தெரியவில்லை.

இனி இந்த முறையின் ஓட்டைகள். முதலாவது, யாரும் தன் மதிப்பில் மூன்றில் ஒன்றுக்குக் குறையப் பெற மாட்டார் என்பது உண்மை எழுதியவருக்கு உறுதி. அடுத்தவர் பங்கைப் பார்த்துப் பொருமாமல் இருப்பார் என்பது உறுதியில்லை. மேலே போட்ட கணக்கில் யாருக்கும் அடுத்தவர் பங்கு பெரிதாகத் தெரியாது, சரிபார்த்துவிட்டேன். ஆனால் எப்போதும் அப்படி அமையாது. நிலம் மட்டும் இருந்து, ஒருவர் 900, ஒருவர் 600, நிலமே வேண்டாம் என்ற மூன்றாமவர் 300 எழுதினார் என்று வையுங்கள். முறைப்படி முதல்வருக்கு நிலம், இரண்டாமவருக்கு 300, மூன்றாமவருக்கு 200. மூன்றாமவருக்கு அவர் கணக்குப்படி 100 போதும், 200 வந்தது. ஆனாலும் பக்கத்தில் ஒருவர் அதே நிலத்தை விட்டுக்கொடுத்துவிட்டு 300 எண்ணிக்கொண்டிருக்கிறார். மனசு கேட்குமா?

இதைத் தடுக்கத்தான் முதலிலேயே சந்தை மதிப்பு வாங்கச் சொன்னேன். சந்தை விலைக்குக் கீழே யாரும் எழுதக் கூடாது என்று விதி வைத்துவிடுங்கள். நியாயமும் அதில் இருக்கிறது. நிலத்தில் நாட்டமில்லாதவருக்கும் அதை விற்றால் வரும் பணத்தில் பங்கு உண்டே. அந்தக் கதையில் சந்தை விலை 600 என்றிருந்து மூன்றாமவரும் 600 எழுதியிருந்தால், அவரும் இரண்டாமவரும் ஆளுக்குச் சுமார் 267 என்று சமமாக வாங்கியிருப்பார்கள். அந்த அடிவிலை வந்த பிறகு பொருமல் பெரும்பாலும் போய்விடுகிறது. அறவே போகும் என்று சொல்ல மாட்டேன்.

இரண்டாவது ஓட்டை, சூது. தம்பிக்கு நிலத்தின் மேல் உயிர் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் சீட்டில் 660க்குப் பதில் 705 எழுதினால், உங்கள் மூன்றில் ஒன்று 15 கூடும், மிச்சத்தில் உங்களுக்கு 5 குறையும், ஆக 10 லாபம். அந்த 10 அக்காவிடமும் தம்பியிடமும் இருந்து வருகிறது. ஆனால் தம்பி அன்று 700தான் எழுதியிருந்தால்? நிலம் உங்கள் தலையில், உங்களுக்கு 660 மட்டுமே பெறுமானமுள்ளது 705க்கு. இந்தப் பயம்தான் முறையின் காவல். அந்தப் பயம் வேலை செய்ய வேண்டுமானால் எழுதும்முன் யாரும் யாருடைய எண்ணையும் கேட்டறியக் கூடாது. மூன்று சீட்டும் ஒரே நேரத்தில் திறக்கப்பட வேண்டும். திறந்த பிறகு 'தப்பாக எழுதிவிட்டேன், மாற்றிக்கொள்கிறேன்' என்று ஒருவருக்கு ஒருமுறை இடம் கொடுத்தாலும் எல்லாம் குலைந்துவிடும்.

மூன்றாவது எனக்கே உறுத்துவது. விலை எழுதுவது பணம் உள்ளவருக்குச் சாதகம். மேலே தோடு உங்களுக்கு வந்ததற்குக் காரணம் நீங்கள் 60 எழுதியதும் அக்கா 30 எழுதியதும். அக்காவுக்கு அதன் மேல் ஆசை இல்லாமல் 30 எழுதினாரா, கையில் காசில்லாமல் 30 எழுதினாரா என்று சீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் சந்தையில் அற்ப விலையும் மனசில் பெரிய விலையும் உள்ள பொருள்களை இந்தக் கணக்குக்குள் கொண்டுவராமல் இருப்பதே நல்லது. அக்காவுக்கும் தோட்டின் மேல் கண் இருக்கிறதா என்று சீட்டு எழுதும்முன் நேராகக் கேட்டுவிடுங்கள். இருந்தால் அதை வெளியே எடுங்கள், அம்மா அப்பாவின் மற்ற சின்னச் சின்னப் பொருள்களையும் அதோடு சேர்த்து வையுங்கள். அப்புறம் முறை வைத்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். யார் முதல் என்பதற்குச் சீட்டுக் குலுக்கலாம். முதல் சுற்றில் ஒன்று, இரண்டு, மூன்று என்று போனால், அடுத்த சுற்று மூன்று, இரண்டு, ஒன்று என்று திரும்பி வர வேண்டும். இல்லாவிட்டால் முதல் ஆள் ஒவ்வொரு சுற்றிலும் முந்திக்கொள்வார். வருடத்துக்கு ஒருவர் என்று தோட்டை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளும் யோசனையையும் யாராவது சொல்வார்கள். வேண்டாம். உங்கள் மூவருக்குள் நடக்கலாம், உங்கள் பிள்ளைகள் காலத்தில் நடக்காது. ஆளுக்கொரு தோடு என்று பிரித்துக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன், ஒற்றைத் தோட்டை யாரும் போடுவதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் சீட்டு திறக்கும் நாளில் அது கட்டாயம் வெளியே வரும். பெற்றோர் உயிரோடு இருந்தபோது ஒருவரின் படிப்புக்கோ கல்யாணத்துக்கோ கூடுதலாகக் கொடுத்திருப்பார்கள். ஒருவர் கடைசிவரை கூட இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். இவற்றுக்கு என்ன விலை என்று எந்தக் கணக்கும் சொல்லாது. சட்டமும் இடத்துக்கு இடம் வேறு. நான் பார்த்தவரை நிற்கிற ஏற்பாடு இதுதான். பழையதைக் கணக்கில் எடுத்தால் மூன்று பேருடையதையும் எடுங்கள், விட்டால் எல்லாவற்றையும் விடுங்கள். பார்த்துக்கொண்டவருக்குச் செலவும் உழைப்பும் உண்டென்று ஒப்புக்கொண்டால், அதை ஒரு தொகையாக, பெற்றோர் வைத்துவிட்டுப் போன கடனைப் போல, பங்கு பிரிக்கும் முன்பே கழித்துக் கொடுத்துவிடுங்கள். 'உனக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் பங்கு' என்று கலந்துவிட்டால், அந்தக் கொஞ்சம் எவ்வளவு, எதற்கு என்பது பிறகு யாருக்கும் நினைவிருக்காது. இந்தப் பேச்சைச் சீட்டு எழுதும் நாளுக்கு ஒரு வாரமாவது முன்னால் முடித்துவிடுங்கள்.

கடைசியாக, வரிசை. முதலில் கடன்களும் பாக்கிகளும். பிறகு நகைச் சோதனை, நில மதிப்பீடு. நிலத்தை வெட்டுவதாக இருந்தால் சர்வேயரை வைத்து அளந்து எல்லைக்கல் நட்டு, வழியையும் வரைபடத்தில் குறித்த பிறகே சீட்டு. காகிதத்தில் மட்டும் இருக்கும் கோட்டுக்கு யாரும் சரியாக விலை எழுத முடியாது. சில நாடுகளில் நிலத்தைப் பின்னால் விற்கும்போது வரி வரும், நகைக்கும் ரொக்கத்துக்கும் வேறு விதம். அதை ஒரு கணக்காளரிடம் கேட்டு அடிவிலையிலேயே கழித்துவிடுங்கள், இல்லையேல் தம்பி வாங்கிய 570இல் ஒரு பங்கு பின்னால் வரிக்குப் போய்விடும். சீட்டு திறந்த அன்றே முடிவை எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள். நகை, பணம், பத்திரப் பதிவு மூன்றும் ஒரே நாளில் கைமாறட்டும். வளையலை அக்கா இன்றே எடுத்துக்கொண்டு போகட்டும், பணம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அந்த வளையலும் பதிவு நாள்வரை லாக்கரிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள்.